மூக்கு நீளத்தில் தோற்ற குதிரையும் என் தையலும்

என் வீட்டுக்காரர் குதிரைப் பந்தயத்தில் தோற்றால் எனக்குக் கவலையே கிடையாது. தோற்றவர் வீட்டுக்கு வருவார், கை கால் கழுவுவார், சோறு தின்பார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார். நான் பயப்படுவதெல்லாம் மயிரிழையில் தோற்கும் நாளுக்குத்தான். அன்றைக்கு மட்டும் மனிதருக்குள் வேறு யாரோ புகுந்துகொள்வார்கள்.

அவர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில், தேயிலை ஸ்டோரில், கொழுந்து காய வைக்கும் மெசினில் வேலை செய்கிறார். நான் லயத்து வரிசை வீட்டின் முன்னறையில் மெசின் போட்டுத் தைக்கிறேன். இரண்டு பேருக்கும் மெசின்தான் பிழைப்பு. சனிக்கிழமை அவருக்கு அரை நாள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பதுளை பஸ் ஏறுவார். பார்க்கிறவர்கள் பூசைக்குப் போகிறார் என்று நினைப்பார்கள். போவது கடைத்தெரு மாடியில் இருக்கிற ரேஸ் கடைக்கு. அங்கே வரிசையாக டிவி. ஒன்றில் இந்தியாவில் குதிரை ஓடும், இன்னொன்றில் தென்னாப்பிரிக்காவில் ஓடும். ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். பந்தயத் துண்டுச் சீட்டை எழுதிக் கவுண்டரில் கொடுத்தால் முத்திரை குத்தித் தருவார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு சனிக்கிழமை பதுளையிலிருந்து ஹாலிஎல வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"என்னங்க, நடந்தா வந்தீங்க?"

"பஸ் இல்ல. ஸ்ட்ரைக்கு."

எங்கள் வாசலுக்கு நேர் கீழேதான் பஸ் ரோடு. அன்றைக்கு மட்டும் எத்தனை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது என்று எனக்குத் தெரியும். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டேன். இரண்டு வாய் தின்றதும் உண்மை வந்துவிட்டது. அவர் கட்டிய குதிரை மூக்கு நீளத்தில் தோற்றிருக்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் போட்டோ எடுத்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்களாம். அந்தக் கொதிப்பிலே அடுத்த ரேஸுக்கு இரண்டு மடங்கு, அது போனதும் அதற்கடுத்ததுக்குப் பையில் இருந்த எல்லாம். கடைசியில் பஸ் காசு.

"அந்த மூணு குதிரையையும் முன்னாடியே பாத்து வெச்சிருந்தீங்களா?"

"இல்ல. அந்த நேரத்துல தோணுச்சு."

"ஏன் தோணுச்சு?"

"அவ்வளவு கிட்ட வந்துருச்சே. அடுத்தது வராமயா போகும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அகப்பையை ரசத்துக்குள்ளேயே போட்டுவிட்டேன். முதலில் ஓடிய குதிரை இந்தியாவில். அடுத்து ஓடிய குதிரை ஆப்பிரிக்காவில். இந்தக் குதிரைக்கு அந்தக் குதிரை அண்ணனா, தம்பியா, சம்பந்தியா? மூக்கில் தோற்றாலும் வாலில் தோற்றாலும் தோற்றது தோற்றதுதான், அடுத்த ரேஸுக்கு அந்தக் கணக்கு போய்ச் சேராது. இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "இப்ப வெளங்குது. அங்க வெளங்க மாட்டேங்குது," என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவரை மன்னித்தேன். கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று கிறுக்கனே சொல்கிறான் என்றால் பாதி குணமான மாதிரி.

ரேஸை விடச் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். குடிக்க மாட்டார், வெற்றிலை போட மாட்டார், வாரத்துக்கு ஒரு நாள் குதிரை. சரி, குதிரை ஓடட்டும், இவர் ஓடாமல் இருந்தால் போதும் என்று சட்டம் போட்டேன்.

எந்தக் குதிரை என்பதை வீட்டிலேயே, காலைத் தேத்தண்ணி குடிக்கும்போதே, ரேஸ் பேப்பரைப் பார்த்துக் குறித்துவிட வேண்டும். மாடிப்படி ஏறியபிறகு புதிதாக எந்தக் குதிரையும் மனதில் தோன்றக்கூடாது. ரேஸ் காசு இடது பாக்கெட்டில், பஸ் காசு வேட்டி மடிப்பில். இடது பாக்கெட் காலியானால் பஸ் ஸ்டாண்ட். இதெல்லாம் சுகமாகத் தோற்கும் நாளுக்கான சட்டம். மயிரிழையில் தோற்கும் நாளுக்குத் தனிச் சட்டம் உண்டு. அந்த நிமிசமே மாடியை விட்டு இறங்கி, ரோட்டில் நின்று, எனக்குப் போன் எடுக்க வேண்டும். குதிரை கிளம்பியதிலிருந்து தோற்றது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். நான் "சரி" என்று சொல்லும் வரைக்கும் மேலே ஏறக்கூடாது.

இதிலே என் சாமர்த்தியம் என்னவென்றால், என் வீட்டுக்காரருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதையையே விடிய விடியச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ரேஸ் ஓடி முடிந்துவிடும், கொதிப்பும் அடங்கிவிடும். நான் எப்போதும் கடைசியில், "சரி, போதும், பஸ் ஏறுங்க," என்பேன். அவரும் ஏறிவிடுவார். மாதக்கணக்கில் இந்தச் சட்டம் பிசகாமல் ஓடியது.

எங்கள் லயத்தில் போன் சிக்னல் என் தையல் மெசினுக்கு மேலே இருக்கிற ஜன்னலில் மட்டும்தான் எடுக்கும். அதனால் போனை ஜன்னல் கம்பியில் ஒரு துணிப் பையில் தொங்கவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டே கேட்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போனது. "ஆறாம் நம்பர் வெளிப்பக்கமா வர்றான், வர்றான்," என்று அவர் சொல்லும்போது என் கால் தானாக வேகமாக மிதிக்கும். கட்டிய காலத்திலிருந்து அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது கிடையாது.

இப்படியிருக்கும்போதுதான் முதல் நன்மை வந்தது. எங்கள் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஒரு கூட்டமே அந்த வருசம் மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, அதாவது முதல் நன்மை, வாங்க இருந்தார்கள். அத்தனை பேருக்கும் வெள்ளை சாட்டின் கவுன் நான்தான் தைக்க வேண்டும். தாய்மார்கள் கொழுந்து பறித்துச் சேர்த்த காசைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "நல்ல துணியா எடுங்கக்கா, புள்ளைக்கு ஒருவாட்டிதானே," என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். அதைக் கேட்டபிறகு எனக்குக் காசை வைத்திருக்கவே பயமாக இருந்தது. இது போனால் பீடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை கூட வெள்ளையில் நிற்காது. நான் இந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது.

சாட்டின் பதுளையில்தான் எடுக்க வேண்டும். சனிக்கிழமை அவர்தான் பதுளை போகிறார். எனக்கோ கழுத்து வரை வேலை. பூனையிடம் பாலைக் கொடுத்தனுப்புவது என்று முடிவானபிறகு பாத்திரத்தின் மூடியையாவது இறுக்க வேண்டும் இல்லையா? காசை அவருடைய சட்டையின் வலது பக்க உள் பாக்கெட்டில் வைத்து, வாயைத் தைத்துவிட்டேன். சும்மா ஓட்டுத் தையல் இல்லை. இரட்டை நூல், மெழுகு தடவி, பின் தையல். பள்ளிக்கூடப் பையன்களின் காற்சட்டைக்குக் கவட்டியில் போடுவேனே, அந்தத் தையல்.

"துணிக்கடை முதலாளிகிட்டக் கத்தரிக்கோல் இருக்கும். அவரு வெட்டி எடுத்துக்குவாரு. முதல்ல துணி, அப்புறம் குதிரை. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

அன்று காலை தேத்தண்ணி நேரத்தில் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு ரேஸுக்கு முடிவெடுக்க முடியாமல் முழித்தார். நான் நாலு மடிப்புப் பாவாடை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். "நாலக் கட்டுங்க," என்றேன், கத்தரிக்கோலை நிமிர்த்தாமலே. குறித்துக்கொண்டார். வினை அங்கேதான் பிறந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மதினி வந்திருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், வாயும் கையும் ஒரே வேகம். மகளுடைய பழைய கவுனை அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அவள் பிள்ளைக்கும் நான்தான் முதல் நன்மைக் கவுன் தைக்கிறேன். அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் போன் அடித்தது.

"ஏய், போச்சு," என்றார். "மூக்குல போச்சு."

"எது?"

"நாலு."

என் வாயில் இரண்டு குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டேன். "என் நாலா?"

"உன் நாலுதான். கேளு. கிளம்புறப்ப பின்னாடி நின்னான். வளைவுல உள்ள புகுந்தான் பாரு, வேலியோட ஒட்டி. கடைக்காரப் பய கூட எந்திரிச்சு நின்னுட்டான். கடைசி முடுக்குல ஒண்ணும் நாலும் ஒண்ணா. தலையோட தல. போட்டோன்னுட்டாங்க. நான் கும்பிட்டுக்கிட்டே நிக்கிறேன். ஒண்ணுன்னுட்டான்."

இதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஆனால் அதெல்லாம் அவருடைய குதிரை. இது என் குதிரை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வயிற்றுக்குள் எப்படி எரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஒன்றாம் நம்பர் என் வீட்டு வாசலுக்கு வந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

மதினி பழைய கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அடப்பாவமே, மூக்குலயா? அப்ப உங்களுக்கு இன்னைக்கு ராசி இருக்கு அக்கா. கிட்ட வந்துருச்சு பாருங்க," என்றாள்.

"அடுத்தது எத்தன மணிக்கு?" என்றேன் போனைப் பார்த்து.

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "இன்னும் கொஞ்ச நேரத்துல. ஆப்பிரிக்காவுல," என்றார்.

"ஏழக் கட்டுங்க."

"ஏழு யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எதுக்குத் தெரியணும்? தோணுது."

"நீ இப்ப 'சரி, போதும், பஸ் ஏறுங்க'ன்னுல்ல சொல்லணும்."

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன். போடுங்க."

"என்னத்தப் போடுறது? இடது பாக்கெட் காலி."

"வலது பாக்கெட் இருக்குல்ல?"

இதை என் வாய்தான் சொன்னது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். நான் மேயவில்லை, மென்று விழுங்கத் தயாராக இருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது துணிக் காசாகத் தெரியவில்லை. ஏழு ஜெயித்ததும் சாட்டின் என்ன, லேஸ் வைத்தே எடுக்கலாம், பிள்ளைகளுக்கு வெள்ளைக் கையுறையும் வாங்கலாம் என்று மனசு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது.

"அது துணிக் காசு," என்றார் அவர்.

"துணி இன்னும் எடுக்கலியா?" அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. "முதல்ல துணின்னு சொன்னேன்ல?"

"வெள்ளைத் துணியத் தூக்கிக்கிட்டு ரேஸ் கடைக்குப் போனா வெத்தல எச்சி பட்டுரும்னு…"

நியாயமாக நான் அங்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன். மதினியோ ஜன்னலுக்கு எக்கி, "அண்ணே, என் புள்ள பங்கையும் சேத்தே போடுங்கண்ணே," என்று சத்தம் போட்டாள்.

"ரெண்டு பேருக்கும் என்ன வந்துச்சு?" என்றார் அவர். ஆனால் குரல் இளகிவிட்டது. எனக்கு அந்தக் குரல் தெரியும். கொஞ்சம் தள்ளினால் போதும். தள்ளினேன்.

"பிச்சு எடுங்க."

போனில் புஸ்புஸ் என்று சத்தம் கேட்டது. ஏதோ இழுக்கிறார். "வரல," என்றார்.

"நல்லா இழுங்க."

"சட்டைதான் கிழியுது. தையல் அப்படியே இருக்கு."

அந்தக் கொதிப்பிலும் எனக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை மறைக்க மாட்டேன். "உள்பக்கம் ஓரத்துல முடிச்சு இருக்கும். பல்லால கடிச்சு இழுங்க."

"சட்டையக் கழட்டாம எப்படிக் கடிக்கிறது?"

"கழட்டுங்க."

கழற்றிவிட்டார். இதை நான் பார்க்கவில்லை. பிற்பாடு பதுளையிலிருந்து வந்த ஆள் ஒருவர் சொல்லித்தான் முழு விவரமும் தெரிந்தது. ரேஸ் கடைப் படிக்கட்டின் அடியில், லாட்டரிச் சீட்டு விற்கிறவருக்குப் பக்கத்தில், ஒரு பெரிய மனுசன் பெனியனோடு நின்று இஸ்திரி போட்ட சட்டையைக் கடித்துக்கொண்டிருக்கிறார். காதில் போன். த்ரீவீல் ஆட்டோக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிப் பார்க்கிறார்கள். மெழுகு நூல் பல்லில் வழுக்குகிறது. கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதற்கு என் தையலைத் தவிர வேறு உதாரணம் வேண்டாம்.

"கத்தரிக்கோல் வேணும்," என்றார் மூச்சு வாங்க.

"யார்கிட்டயாவது கேளுங்க. சீக்கிரம்."

"துணிக்கடையிலதான் இருக்கு."

"ஓடுங்க."

ஓடினார். மதினியும் நானும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு கடைச் சத்தம். துணிக்கடை முதலாளி என் குரல் கேட்டாலே யார் என்று தெரிந்துகொள்வார், அத்தனை வருசப் பழக்கம். "வாங்க வாங்க. என்ன பெனியனோட? மழையா?" என்று கேட்டது. கத்தரிக்கோல் சத்தம் இரண்டு தடவை நறுக் நறுக்கென்று கேட்டது. "யாரு தச்சது, வீட்லயா? அருமையான கை," என்றார் முதலாளி. "ம், காசு வந்துருச்சு. எத்தன யார் அளந்து வெட்ட?"

"வாங்காதீங்க," என்று நான் கத்தினேன். "மேல போங்க."

"யாரு, அவங்களா? என்ன சொல்றாங்க, மேல் தட்டுத் துணியா? ரொம்பச் சரி. அந்த மேல் தட்டு சாட்டின்தான் சுருங்காது," என்று சொல்லிக்கொண்டே முதலாளி துணிச் சுருளை மேசையில் தட்டி விரிக்கும் சத்தம் கேட்டது. வழுவழுவென்று விழுகிற அந்தச் சத்தம் எனக்கு இங்கே வரைக்கும் கேட்டது.

என் வீட்டுக்காரர் துணியைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "வெள்ளையா இருக்கு," என்றார். என்னிடமா முதலாளியிடமா தெரியவில்லை. அதோடு போன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். அவர் எடுக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு சட்டைக் கையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்து வைத்தேன். மதினி, "ஏழு வந்திருக்குமோ அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனாள். போனபிறகும் என் மனசு இறங்கவில்லை. பதுளைக்குப் பஸ் ஏறிவிடலாமா என்று கூட யோசித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, அதைத் துடைக்கப் போய்க் கையில் சுட்டுக்கொண்டபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும்தான் அந்தப் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தாயும் காசைக் கொடுக்கும்போது சொன்னதும் ஞாபகம் வந்தது. கை சுட்ட இடம் அப்போதுதான் எரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். சட்டையில் பாக்கெட் தொங்கியது. கக்கத்தில் பெரிய பொட்டலம். நான் அதைப் பிரித்து, சாட்டினைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல துணி. ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏழு என்ன ஆச்சு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"பாக்கல. துணிய வாங்கிக்கிட்டு நேரா பஸ் ஏறிட்டேன்."

"யார்கிட்டயாவது போன் போட்டுக் கேளுங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னார். "கேக்க மாட்டேன். வந்திருந்தா, போட்டிருக்கலாமேன்னு கொதிக்கும். வராம இருந்தா, நாம கெட்டிக்காரங்கன்னு கொதிக்கும். போடாத ரேஸோட முடிவக் கேக்கக் கூடாது. இது என் சட்டம்."

நான் போட்ட சட்டம் அத்தனையையும் விட அது நல்ல சட்டம். அதை அவரிடம் இன்று வரை சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. தவிர, அவர் முதலில் துணி எடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கவுன்கள் நேரத்துக்குத் தைத்து முடிந்தன. பிள்ளைகள் வெள்ளையில் வரிசையாக நடந்து போனார்கள். மதினி தன் மகளைப் பார்த்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு என் காதில், "ஏழு வந்திருக்குமா அக்கா?" என்றாள். இடுப்பில் கிள்ளினேன்.

அதற்குப் பிறகு அவர் சட்டத்தை மாற்றிவிட்டார். மயிரிழையில் தோற்றால் எனக்குப் போன் கிடையாது. துணிக்கடைக்குப் போய் முதலாளியிடம் கதையைச் சொல்ல வேண்டும். முதலாளிக்குக் குதிரைக்கும் கழுதைக்கும் வித்தியாசம் தெரியாது. பாதிக் கதையில், "சரி, எத்தன யார்?" என்பார். அதோடு கொதிப்பு அடங்கிவிடுமாம். "உனக்குச் சொன்னா நீ கொதிக்கிற," என்றார். நியாயம்தான். நியாயமாக இருப்பதாலேயே எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமைச் சாயங்காலம் முன்னறை ரொம்பவும் அமைதியாகிவிட்டது. போன் ஜன்னலில் சும்மா தொங்கியது. குதிரை போனால் போகட்டும், அந்தக் குரல் வராதது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் கேட்க வெட்கமாக இருந்தது. சட்டத்தை உடைத்தவளே எந்த முகத்தோடு கேட்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை போன் அடித்தது. ஊசியைக் குத்திவிட்டு எழுந்தேன்.

"என்னங்க, மூக்குலயா?"

"இல்ல," என்றார். "கடைசியா வந்துச்சு. ரொம்பத் தூரத்துல வந்துச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கும்னு நெனக்கிறேன்."

"அப்ப எதுக்கு எடுத்தீங்க?"

"சும்மாதான். பஸ் வர நேரமாகும் போல."

நான் மெசினில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க," என்றேன். "கிளம்பினதுலருந்து சொல்லுங்க."

சொன்னார். அடுத்த ரேஸ் எப்போது என்று நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.